நானொண்ணும் பண்ணலீங்க மேடம்

சிரிக்க இதில் ஒரு இடம் இருக்கிறது, சத்தியமாக இருக்கிறது, ஆனால் அது கடைசியில் இருக்கிறது. அதுவரைக்கும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நீலம் வெளுப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், தெய்வானை பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி. பால் ஒன்றியத்தின் ஆய்வுக்கூடத்தில் மணி பத்தே முக்கால். வெந்நீர்த் தொட்டிக்குள் பன்னிரண்டு கண்ணாடிக் குழாய்கள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு ஊர்ப் பால், ஒவ்வொன்றிலும் ஒரு மில்லி நீலச் சாயம். கிருமி அதிகமிருக்கிற பால் சாயத்தைச் சீக்கிரம் தின்று வெள்ளையாகிவிடும், நல்ல பால் மத்தியானம் வரைக்கும் நீலமாகவே உட்கார்ந்திருக்கும். அரை மணிக்கொரு தரம் பார்த்துக் குறித்து வைப்பதுதான் வேலை. நடுவில் செய்ய ஒன்றுமில்லை. நடுவில் ஒன்றுமில்லாததுதான் தெய்வானைக்கு ஆகாது, கை சும்மா இருந்தால் தலை சும்மா இருப்பதில்லை, இப்போது அது மேசை ஓரத்தில் இருக்கிற பழைய வெள்ளை ஃபோனையே சுற்றிச் சுற்றி வருகிறது, எண் காட்டாத, பேர் காட்டாத, கிணுகிணு என்று கத்த மட்டும் தெரிந்த ஃபோன். நேற்று சாயங்காலம் சிவசங்கர்தான் சொன்னான், பகல் ஷிஃப்டுக்குப் பொறுப்பாளன், இவளைவிட ஒன்பது வயசு சின்னவன். "அக்கா, நாளைக்கு மீட்டிங் முடிச்சுட்டுப் பன்னெண்டு மணிக்கு மேடம் உங்களுக்குப் பேசறாங்களாம். செவ்வாக்கிழமை டேங்கர் விசயம். திட்டறதுக்கில்லீங்க, பாராட்டறதுக்கு." அதோடு விட்டிருந்தால் இவள் ராத்திரி தூங்கியிருப்பாள். வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே திரும்பி வந்தான். "புது லேபுக்குப் பொறுப்பாளர் பேரு நாளைக்குச் சாயங்காலம் போவுது. உங்க பேரு மேடம் கையில இருக்குது. இல்லீன்னா வெளிய இருந்து ஒரு ஆளப் போடுவாங்க. போன தடவை மாதிரி பண்ணிராதீங்க." போன தடவை மாதிரி. அந்த மூன்று சொல்லும் காதுக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டன.

போன தடவை என்பது மூன்று வருசத்துக்கு முன்னால். பால் பவுடர் மூட்டையில் மாவு கலந்திருந்ததைக் கண்டுபிடித்தவள் இவள்தான், அயோடின் ஒரு சொட்டு விட்டதும் கருநீலமாகத் திரும்பியதை முதலில் பார்த்த கண்ணு இவள் கண்ணுதான். மேடம் என்றால் பிரேமகுமாரி மேடம், தலைமை வேதியியலாளர், இருபத்தெட்டு வருசச் சர்வீஸ், பேசுவதற்கு முன்னால் ஒரு செருமல், பேசி முடித்ததும் 'அவ்வளவுதான்', நடுவில் அதிகம் போனால் ஆறு சொல். அந்த மேடம் படியேறி இந்த ஆய்வுக்கூடத்துக்கே வந்து, செருமி, "தெய்வானை. நல்ல வேலை செஞ்சீங்க" என்றார்கள். இவள் என்ன சொன்னாள்? "ஐயோ மேடம், நானொண்ணும் பண்ணலீங்க, எல்லாருஞ் சேந்து பண்ணுனது, சிவசங்கரு கூட இருந்தாப்ல, நான் சும்மா பக்கத்துல நின்னனுங்க" என்றாள். மேடம் ஒரு கணம் இவளைப் பார்த்தார்கள். மேடத்துக்கு ஒரு குணம், எதிராளி சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வார்கள், பாலில் தண்ணியா என்று கேட்டு இல்லை என்று சொன்னால் இல்லை என்றுதான் எழுதுவார்கள், சொன்னவன்தான் பிற்பாடு மாட்டிக்கொள்வான். ஒன்றும் பண்ணவில்லை என்று இவள் சொன்னாள், ஒன்றும் பண்ணவில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். அறிக்கையில் 'ஆய்வுக்கூடப் பணியாளர்கள்' என்று வந்தது. குஜராத்தில் இரண்டு மாசப் பயிற்சிக்கு ஒரு ஆளை அனுப்பவேண்டி வந்தபோது, "கூட இருந்தாப்ல" என்று இவள் வாயாலேயே பேர் சொல்லப்பட்ட சிவசங்கர் ரயில் ஏறினான். அவனிடமும் மேடம் அன்றைக்கு நல்ல வேலை என்றார்கள், அவன் "தேங்க்ஸ் மேடம், கலர் மாறுனப்ப எனக்கும் சந்தோசமா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு நின்றான். அவ்வளவுதான். அன்றைக்கு இவளுக்கு அது திமிராகப்பட்டது. பொய் சொன்னது அவனா தானா என்று யோசிக்க இவளுக்கு ஒரு வருசம் ஆனது.

பதினொன்று. ரப்பர் மூடியை அழுத்திப் பிடித்து ஒவ்வொரு குழாயாக ஒரு தரம் கவிழ்த்து நிமிர்த்தினாள். நான்காவது லேசாக வெளுக்கத் தொடங்கியிருக்கிறது, மற்றதெல்லாம் நீலம். தொட்டி முப்பத்தேழு டிகிரி, மனுசன் உடம்புச் சூடு, கையை உள்ளே விட்டால் கை எங்கே முடிகிறது தண்ணி எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது, இந்தத் தண்ணிக்குள்ளேயே இருந்துவிட்டால் என்ன, ஃபோன் மணி உள்ளே கேட்காது. பாராட்டு என்றாலே இவளுக்கு முதுகில் யாரோ ஈரக்கையை வைத்த மாதிரி ஆகிவிடும். அது இன்றைக்கு நேற்று வந்ததல்ல. அம்மாவிடம் யாராவது பாப்பா நல்லா படிக்குதாமே என்று சொன்னால் போதும், "எங்கீங்க, ஒண்ணுக்கும் ஆகாத களுத" என்று அம்மா முந்திக்கொள்ளும். கண்ணு பட்டுவிடும் என்ற பயம், ஆகாத கழுதையை யார் கண்ணு என்ன செய்யும். கழுதை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டே வளர்ந்தது. சேலை நல்லா இருக்குங்க்கா என்றால், பழசு, தள்ளுபடியில எடுத்தது, உள்பக்கம் ஒரு கிழிசல்கூட இருக்குது பாருங்க என்று அம்மா மடிப்பை விரித்தே காட்டும். குழம்பு ருசியா இருக்குது என்றால் உப்பு ஒரு கல்லு கூடிப்போச்சு என்று, சாப்பிடுகிறவன் வாய்க்குத் தெரியாத குறையை எடுத்துக் கொடுக்கும். நல்லது என்று ஒருத்தர் நீட்டினால் அதைக் கையில் வாங்கக் கூடாது, தட்டிவிட வேண்டும், அப்படித் தட்டிவிடுவதுதான் மரியாதை என்று உடம்பு கற்றுக்கொண்டுவிட்டது. தட்டிவிட்டால் நீட்டிய கை என்ன ஆகும் என்று உடம்பு கேட்டதில்லை. மேடம் இருபத்தெட்டு வருசமாகப் பால் பார்க்கிறவர்கள். அவர்கள் நல்ல வேலை என்று சொல்லும்போது இல்லீங்க என்றால், உங்கள் கண்ணு சரியில்லீங்க மேடம், உங்களுக்கு ஆளை எடைபோடத் தெரியலீங்க மேடம் என்றுதானே அர்த்தம். பணிவு என்று நினைத்து அவர்கள் தீர்ப்பையே பொய்யாக்குவது. இப்படி யோசிக்கும்போது எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஃபோன் மணி அடித்தால் தெளிவு எங்கே போகும் என்றும் தெரியும்.

காலையில் ஒத்திகை நடந்தது. சட்னிக்கு வெங்காயம் அரிந்துகொண்டே இவள் வாய்க்குள் முனகிக்கொண்டிருந்ததை மகள் நிறைமதி கேட்டுவிட்டாள். பதினைந்து வயசு, கோடை லீவு, வீட்டில் சும்மா இருக்கிற வாய். அந்த வாயில் ஊரே குடியிருக்கிறது, கேஸ் சிலிண்டர்க்காரன், மாடிவீட்டு ரிட்டயர்டு தாசில்தார், பஸ் கண்டக்டர், தாசில்தார் வீட்டு நாய், நாயைத் திட்டுகிற தாசில்தார் சம்சாரம், ஒருவர் போனால் ஒருவர் வருவார்கள். மேடத்தின் குரல் எப்படியோ அவளுக்குக் கிடைத்திருந்தது, ஸ்பீக்கரில் நாலைந்து தடவை கேட்டிருக்கிறாள், அது போதும். டம்ளரை வாய்க்கு முன்னால் பிடித்து ஒரு செருமல் செருமினாள், தெய்வானை கையில் இருந்த கத்தி நின்றது. "ம்க்கும். தெய்வானை. செவ்வாய்க்கிழமை டேங்கர். நல்ல வேலை செஞ்சீங்க. அவ்வளவுதான்." தன் வீட்டு அடுப்படியில், தன் வயிற்றில் பிறந்தது டம்ளருக்குள் பேசுகிறது என்று தெரிந்தும், "ஐயோ மேடம் நானொண்ணும்" என்று வாய் போய்விட்டது. நிறைமதி கரண்டியால் மேடையைத் தட்டினாள். "அவுட்டும்மா. மறுபடியும்." மறுபடியும் அவுட்டு. ஆறு தடவை அவுட்டு. "அம்மா, உனக்குப் பதில் தெரியாம இல்ல. நன்றின்னு ஒருவாட்டி சொல்லு, என்ன செஞ்சயோ அதச் சொல்லு, கூட யாராச்சும் நெசமா உதவியிருந்தா அவங்க பேரச் சொல்லு, வாய மூடு. கடைசியில வாய மூடறதுதான் உனக்கு வரமாட்டேங்குது." "வாய மூடுனா அந்தப் பக்கம் என்ன நெனைப்பாங்க கண்ணு?" "ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க. ஃபோன வெப்பாங்க." போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவளிடம், "நான் உன்ர லேபுக்கே அடிக்கறேன் பாரு, ரெண்டுவாட்டியோ மூணுவாட்டியோ, எப்ப வேணா. சரியாச் சொல்ற வரைக்கும் விடமாட்டேன்" என்றாள். இவள் அதைக் காதில் வாங்கினாளா, வாங்கினாள், ஆனால் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காததில் பாதி கீழே விழுந்துவிட்டது.

அதனால் பதினொன்று ஐந்துக்குக் கிணுகிணு என்று அடித்தபோது முதுகு நிமிர்ந்தது. ரிசீவரைக் கையில் எடுத்ததும் செருமல். "தெய்வானை. செவ்வாய்க்கிழமை டேங்கர். நல்ல வேலை." தெரியும், தெரியும், நன்றி ஒருவாட்டி, என்ன செஞ்சயோ அது. "ஐயோ மேடம் நானொண்ணும் பண்ணலீங்க மேடம் மிசினு காட்டுச்சு நான் எழுதுனனுங்க." காட்டுவதற்கு மெசினே கிடையாது, அது கையால் செய்கிற பரிசோதனை, அந்த மெசின் எங்கிருந்து வந்து வாயில் விழுந்தது என்று அவளுக்கே தெரியாது. மறுமுனை குலுங்கியது. மேடம் குலுங்கமாட்டார்கள். "எந்த மிசினும்மா?" என்று நிறைமதி சொந்தக் குரலில் கேட்டாள். "வெய்டி" என்று இவள் வைத்துவிட்டாள். சிரிப்பு வரவேண்டிய இடம் இதுவா என்றால், இது இல்லை. இதில் இவளுக்குக் கண்ணோரம் ஈரமாகத்தான் ஆனது. தன்னால் ஆகாது. நாற்பத்திமூன்று வயசில் நாக்கு தன் பேச்சைக் கேட்காது என்றால் இனி எப்போது கேட்கப்போகிறது.

நான்காவது குழாய் முழுசாக வெளுத்துவிட்டது, எழுதினாள். தேங்க்ஸ் சொல்லிவிடலாம், மறுப்பதைவிட தேங்க்ஸ் நல்லது. ஆனால் தேங்க்ஸிலும் ஒரு குழி இருக்கிறது, ஸ்டோர் தங்கவேலு விழுந்து கிடக்கிற குழி. போன பொங்கலுக்கு ஸ்டோரைச் சுத்தமாக வைத்திருக்கிறார் என்று மேடம் வாட்சப் குழுவில் ஒரு வரி போட்டார்கள். தங்கவேலு இருபத்திமூன்று வரி போட்டார். தங்கள் மேலான வழிகாட்டுதலாலும், தங்கள் தாயுள்ளத்தாலும், தங்கள் பொற்பாதம் இந்த ஒன்றியத்தில் பட்டதாலும், என்று போய்க் கீழே கும்பிடுகிற கை ஒரு வரிசை, இவள் எண்ணினாள், முப்பத்தியாறு கை, பதினெட்டுப் பேர் சேர்ந்து கும்பிட்ட மாதிரி. மேடத்திடமிருந்து பதில் இல்லை. அடுத்த வாரம் நேரில் பார்த்தபோது தங்கவேலு தொடங்கியதைக் கையைக் காட்டி நிறுத்தி, "அந்தப் பழைய கேன்களை எப்ப அப்புறப்படுத்துவீங்க" என்று கேட்டார்கள். பாவம் தங்கவேலு. ஒரு வரிக்கு இருபத்திமூன்று வரி திருப்பிக் கொடுத்தால் அது மொய் எழுதுகிற மாதிரிதான், வாங்கினதைவிடக் கூடச் செய்து வாயை அடைப்பது, பாராட்டினவரை உட்காரவைத்துப் பாராட்டிப் பாராட்டி அவர் சொன்னதையே மறக்கடித்துவிடுவது. அதுவும் தட்டிவிடுவதுதான், கும்பிட்டுக்கொண்டே தட்டிவிடுவது. இவ்வளவு தெரிந்த பின்னும் பதினொன்று இருபதுக்கு மறுபடி மணியடித்து, செருமி, "தெய்வானை. உங்க வேலையைப் பத்தி மீட்டிங்ல சொன்னேன்" என்று குரல் வந்ததும், இது நிறைமதிதான் என்று மூளை சொல்லச் சொல்ல, மீட்டிங் என்ற சொல்லில் மூளை வழுக்கி, "தேங்க்ஸுங்க மேடம், ரொம்ப தேங்க்ஸுங்க, நீங்க சொல்லிக்குடுத்ததுங்க மேடம், உங்க கையில கத்துக்கிட்டதுங்க, உங்களுக்கு எப்புடி தேங்க்ஸ் சொல்றதுன்னே தெரியலீங்க மேடம், தேங்க்ஸுங்க" என்று நாக்கு மாவு அரைத்துக் கொட்டியது. "அம்மா. நாலு தேங்க்ஸு" என்றாள் நிறைமதி, மேடத்தின் குரலிலேயே, எண்ணி முடித்த கணக்குவாத்தியார் மாதிரி. "இன்னும் ஒருவாட்டி அடிப்பேன். அதுல பாஸாகலீன்னா ட்யூசன்தான்." இவள் ரிசீவரை வைத்தாள். வைத்த கையை வெள்ளைக் கோட்டில் துடைத்தாள், கையில் ஒன்றும் இல்லை.

மறுப்பும் இல்லை கும்பிடும் இல்லை என்றால் மிச்சம் என்ன இருக்கிறது. செய்ததைச் சொல்லு என்கிறாள். என்ன செய்தேன். இங்கேதான் முள் சிக்கி நிற்கிறது, இதை நிறைமதியிடம்கூடச் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை, மேக்கால ரூட்டு டேங்கர், பத்தாயிரம் லிட்டர். மோந்து பார்த்தாள், சரி. பால்மானி, சரி. ஆல்கஹால் விட்டுக் குலுக்கினாள், திரியவில்லை, சரி. புளிப்பு பார்த்தாள், பாயிண்ட் பதினொண்ணு. ரிஜிஸ்டரைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றி, 'சரி' என்று எழுதப் போனவள்தான் இவள். 'ச' போட்டாயிற்று. அந்த 'ச' இன்றைக்கும் ரிஜிஸ்டரில் அடித்துக் கிடக்கிறது. 'ச' போட்ட பிற்பாடுதான் கை நின்றது, சித்திரை வெயிலில் நாலு மணி நேரம் ஆடிக்கொண்டே வந்த பாலுக்குப் புளிப்பு பதினொண்ணா, அந்த ரூட்டுப் பால் பனிக்காலத்திலேயே பதினாலுக்குக் குறையாதே, இது ரொம்ப நல்ல பிள்ளையாக இருக்கிறதே, இத்தனை நல்ல பிள்ளை எங்கேயோ பொய் சொல்கிறது. புளித்த பாலுக்குச் சோடா போட்டால் புளிப்பு அடங்கி நல்ல பால் வேசம் கட்டும். அதைப் பிடிக்கத் தனியாக ஒரு பரிசோதனை, ரோசாலிக் அமிலம், பாலும் ஆல்கஹாலும் சரிபாதி, அதில் சில சொட்டு. நல்ல பால் மங்கின காவியாக நிற்கும், சோடா போட்ட பால் ரோசாப்பூ நிறமாகும். ஆனது. டிரைவர் வாசலில் நின்று, "ஏம்மா, பத்தாயிரம் லிட்டரு வெயில்ல நிக்குது, நீ ஒரு ஸ்பூன் பால வெச்சுட்டுக் கலரு பாத்துட்டு நிக்கற" என்று கத்தினான், இவள் மறுபடி ஒரு தடவை செய்தாள், அதுவும் ரோசாப்பூ. கேட்டைச் சாத்திச் சங்கிலியைப் போட்டவள் காவலுக்கு நிற்கிற பூவாத்தாள், இவள் ஒரு கையைக் காட்டினதும் ஏன் எதுக்கு என்று கேட்காமல். இதில் நான் செய்தது எவ்வளவு, 'ச' போட்டது எவ்வளவு. 'ச' போட்டவள் நன்றி என்று பாராட்டை வாங்கிக்கொண்டால் அது திருட்டு இல்லையா. திருட்டு என்றால், ரோசாப்பூவை இரண்டு தடவை பார்த்தவள் ஒன்றும் பண்ணலீங்க என்றால் அது என்ன. ஈ வந்து மேசையில் உட்கார்ந்தது, விரட்டினாள், அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. புது லேபு பின்பக்கம் கட்டி வெள்ளையடித்து நிற்கிறது, ஜன்னல் வடக்குப் பார்த்தது, மத்தியான வெயில் விழாது, அங்கே மைக்ரோஸ்கோப்பை எந்த மேசையில் வைக்க வேண்டும் என்று இவள் யாரிடமும் சொல்லாமல் எப்போதோ முடிவு பண்ணி வைத்திருக்கிறாள். வெளியாள் வந்தால் வாசல் பக்கம் வைப்பான். கதவு திறக்கும்போதெல்லாம் தூசு விழும். ஒன்றும் செய்ய முடியாது. பன்னிரண்டு மணிக்கு மேடம் பேசுவார்கள், நாக்கு தன் பாட்டுக்கு ஓடும், வெளியாள் வருவான், தூசு விழும்.

பதினொன்று நாற்பது. ஏழாவது குழாயும் வெளுத்தது. எட்டாவது பாதி, மேலே நீலம் கீழே வெள்ளை, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்கிறது. மணியடித்தது. மூன்றாவது. இவளுக்கு அலுப்பு வந்தது, பயம் வந்து வந்து தேய்ந்து போன இடத்தில் வருகிற அலுப்பு, சிரிப்புக்கும் பக்கத்து வீடு அது. மேடம் பன்னிரண்டுக்கு, இப்போது இருபது நிமிசம் இருக்கிறது, இது ட்யூசன் வாத்தியார்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு ஒரு காலை மடக்கி வசதியாக உட்கார்ந்து எடுத்தாள். "ம்க்கும்" என்றது. இந்தத் தடவை செருமல் இன்னும் நன்றாக வந்திருக்கிறது, தொண்டையில் கரகரப்புகூடச் சேர்த்திருக்கிறாள், களவாணி. "தெய்வானை. செவ்வாய்க்கிழமை டேங்கர். நல்ல வேலை செஞ்சீங்க." "நன்றிங்க மேடம்" என்றாள் தெய்வானை. நிறுத்தினாள். நிறுத்துவது இத்தனை சுலபமா, மாடிப்படியில் கடைசிப் படி இல்லாமல் தரை வந்துவிட்ட மாதிரி இருந்தது. மறுமுனை கொஞ்சம் சும்மா இருந்தது, அதையும் இவள் இட்டு நிரப்பவில்லை, காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். "ஆல்கஹால் டெஸ்ட் சரியா இருந்திருக்கே. எப்படிச் சந்தேகம் வந்தது?" கேள்வி வேறு கேட்கிறாளே, எங்கிருந்து பொறுக்கினாள் ஆல்கஹால் டெஸ்ட்டை, ராத்திரி சாப்பிடும்போது சொன்னதைக் கேட்டிருப்பாள். "புளிப்பு ரொம்பக் குறைவா இருந்துச்சுங்க. அந்த ரூட்டுப் பாலு அப்புடி வராதுங்க. நெசத்தச் சொன்னா மொதல்ல சரின்னு எழுதவே போயிட்டேன், 'ச' போட்டுட்டேன், ரிஜிஸ்டர்ல இருக்குது. பொறவுதான் உறுத்துச்சு. ரோசாலிக் ரெண்டு தடவை போட்டேன், ரெண்டும் செவப்பு." சொல்லிவிட்டாள். முள் வெளியே வந்துவிட்டது, ரத்தம்கூட வரவில்லை. மகளிடம் சொல்லத்தானே இருந்தது, சொல்லியாயிற்று. "தனியாவா செஞ்சீங்க?" "கண்டுபுடிச்சது நானுங்க. கேட்டை மூடுனது பூவாத்தா. அவ ஒரு கேள்வி கேட்டிருந்தா டிரைவரு வண்டியத் திருப்பிட்டுப் போயிருப்பானுங்க. அவகிட்டயும் ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா சந்தோசப்படுவா." "சொல்றேன்" என்றது குரல். "புது லேபுக்கு உங்க பேரைப் போடறேன். முடியுமா?" அட, பதவியே கொடுக்கிறாளே, தாராளம்தான். தெய்வானை எட்டாவது குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "முடியுங்க மேடம். கிருமி வளத்துப் பாக்கற வேலை மட்டும் எனக்குப் புதுசு, அதுக்கு ஒரு மாசம் பயிற்சி வேணும். மத்ததப் பாத்துக்குவேன். மைக்ரோஸ்கோப்பு வடக்கு ஜன்னல்கிட்ட வரோணும், வாசப்பக்கம் வெச்சா தூசுங்க." "சரி. எழுதிக்கறேன்." பேனா ஓடுகிற சத்தம்கூட வந்தது, என்ன பிள்ளையடா இது, காகிதத்தை வேறு கிழித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பாஸ். ஒரு நன்றி, ஒரு வேலை, ஒரு பேர், வாயை மூடியாயிற்று. அடுத்த இருபது நிமிசத்தில் நிஜமாக வரும்போது இது வராது, அது வேறு கதை, நாக்குக்கு ஆள் தெரியும். ஆனாலும் ஒரு தடவை வந்துவிட்டது, அதை ராத்திரி நினைத்துக்கொள்ளலாம். கொட்டாவி வந்தது, காலை மாற்றி மடக்கிக்கொண்டு, "போதும்டி ஆட்டம்" என்றாள். "அரிசிய ஊற வெச்சியா இல்லியா? நாளைக்கு இட்லிக்கு மாவு இல்ல."

மறுமுனை யோசித்தது. யோசித்து, செருமி, கேட்ட கேள்விக்கு உள்ளபடி பதில் சொல்கிற ஆளின் குரலில், "எங்க வீட்ல மாவு கடையிலதான் வாங்கறது, தெய்வானை" என்றது. பரவாயில்லையே, இதற்கும் பதில் வைத்திருக்கிறாளே என்று இவள் உதடு விரிந்துகொண்டிருக்கும்போதே வெள்ளைக் கோட்டின் பையில் செல்ஃபோன் துடித்தது. ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு எடுத்துப் பார்த்தாள். நிறைமதி. திரை முழுக்க நிறைமதி, பள்ளிக்கூடச் சீருடையில், பல்லெல்லாம் தெரிய, கூப்பிடுகிறாள், செல்லில் கூப்பிடுகிறாள், இடது காதில் பேப்பர் புரளுகிறது, உள்ளங்கையில் மகள் அதிர்கிறாள், இரண்டு இடத்தில் ஒரே பிள்ளை இருக்க முடியுமா என்று மெதுவாக, மிக மெதுவாக, எட்டாவது குழாயில் மீதி நீலம் இறங்குகிற வேகத்தில், மடக்கியிருந்த கால் தானாக இறங்கித் தரையைத் தொட்டது, உடம்பு தானாக எழுந்து நின்றது. "மீட்டிங் சீக்கிரம் முடிஞ்சிடுச்சு. பேர் அனுப்பியாச்சு. அவ்வளவுதான்" என்றார்கள் மேடம். வைத்துவிட்டார்கள். ஐயோ மேடம் நானொண்ணும் பண்ணலீங்க, அத்தனை சொல்லும் வரிசை கலையாமல் தெய்வானையின் வாய்க்குள் வந்து நின்றன. வாங்கிக்கொள்ள அந்தப் பக்கம் ஆள் இல்லை.